நாற்பது கிலோ உமி

ஒரு டன் ஈர நெல்லைக் காயவைக்க எத்தனை கிலோ உமி எரிக்க வேண்டும் என்று யாராவது கேட்டால், எவ்வளவு ஈரம் என்று கேட்காமல் நான் பதில் சொல்வதில்லை. ஒருமுறை கேட்காமல் சொல்லியிருக்கிறேன். கேட்கத் தெரியாமல் அல்ல. அதைத்தான் இங்கே எழுத வேண்டும்.

அப்போது அசோக் நகரில் ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை பார்த்தேன். மாவு மில்லுக்கு மேலே முதல் மாடி, நாலு மேசை, ஒரு பிரிண்டர். நெல், மிளகாய், முந்திரி என்று எதையாவது உலர்த்தும் இயந்திரங்களை வடிவமைத்துக் கொடுப்போம். கணக்குப் போடுவது நான். தகடு வெட்டிப் பற்றவைப்பது சிந்தாதிரிப்பேட்டையில் பட்டறை வைத்திருந்த ஃபிட்டர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர். எங்கள் இயந்திரங்களை ஊர் ஊராகப் போய் நிறுத்திவிட்டு வருவது அவர்தான்.

நாகப்பட்டினம் பக்கத்தில் ஒரு மகளிர் குழு டிரையர் கேட்டு வந்தது. இருபது குடும்பங்கள், எல்லாம் சின்ன நிலம். குறுவை அறுப்பு எப்போதும் மழையில் மாட்டிக்கொள்கிறது, சாலையில் கொட்டிக் காயவைத்து அலுத்துவிட்டது, சொந்தமாக ஒரு இயந்திரம் வேண்டும் என்றார்கள். அவர்களுக்காகப் பேசியது குழுவின் தலைவி. ஐம்பது வயதிருக்கும். நான் அக்கா என்று கூப்பிட்டேன், அவர் என்னை மேடம் என்றார். எங்கள் அலுவலகத்துக்கு ஒரு துணிப்பையில் நெல்லோடு வந்து, மேசைமேல் ஒரு கைப்பிடி கொட்டி, "இதைக் கையில அள்ளுனா ஒட்டாம உதிரணும் மேடம், அவ்ளோதான் எங்களுக்கு வேணும்" என்றார்.

இரண்டு டன் பிடிக்கும் டிரையர் என்று முடிவானது. உமி அடுப்பு, அடுப்பின் சூட்டில் காற்றைச் சுடவைக்கும் குழாய்கள், அந்தக் காற்றை நெல்லுக்குள் தள்ளும் விசிறி. எவ்வளவு உமி என்பதுதான் அடுத்த கேள்வி.

அந்தக் கணக்கு சிரமமானதல்ல. நெல்லைச் சுடவைப்பதற்குப் பெரிதாக எதுவும் செலவாவதில்லை. அதிலிருக்கும் நீரை ஆவியாக்கத்தான் செலவு. அடுப்பில் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஆகும் வெப்பத்தைப்போல ஏழு மடங்குக்கும் மேல் வேண்டும், அந்தத் தண்ணீர் முழுதும் ஆவியாகிப் பாத்திரம் வற்றுவதற்கு. சூடு ஏறுவதே தெரியாமல் தண்ணீருக்குள் போய் ஒளிந்துகொள்ளும் அந்த வெப்பத்தைப் பாடப்புத்தகத்தில் உள்ளுறை வெப்பம் என்று படித்திருப்போம். நெல்லிலிருந்து ஒரு கிலோ நீரை வெளியேற்ற, சுமார் இரண்டரை மெகா ஜூல். ஆகவே எத்தனை கிலோ நீர் போக வேண்டும் என்று தெரிந்தால் எத்தனை கிலோ உமி என்றும் தெரிந்துவிடும்.

நான் முதலில் இருபது சதவீத ஈரத்துக்குப் போட்டேன். ஆயிரம் கிலோ நெல்லில் எண்ணூறு கிலோ உலர்ந்த பொருள், இருநூறு கிலோ நீர். பதினாலு சதவீதத்துக்கு வந்தால் பத்திரமாக மூட்டை கட்டலாம். அப்போது அந்த எண்ணூறு கிலோவும் மொத்த எடையில் நூற்றுக்கு எண்பத்தாறு பங்காக இருக்கும், மொத்தம் தொள்ளாயிரத்து முப்பது கிலோ. போக வேண்டிய நீர் எழுபது கிலோ. அதற்கு நூற்று எழுபத்தைந்து மெகா ஜூல். ஒரு கிலோ உமி பதின்மூன்று மெகா ஜூல் தரும். எரிவதில் மூன்றில் ஒரு பங்குதான் நீரை ஆவியாக்கப் பயன்படும், மிச்சம் புகைபோக்கியிலும் வெளியே போகும் காற்றிலும் போய்விடும். ஆக நாற்பது கிலோ உமி.

பிறகு இருபத்தாறு சதவீதத்துக்கும் போட்டேன். மழையில் அறுத்த நெல் அப்படித்தான் வரும். எழுநூற்று நாற்பது கிலோ உலர்ந்த பொருள். பதினாலுக்கு வந்தால் எண்ணூற்று அறுபது. போக வேண்டிய நீர் நூற்று நாற்பது கிலோ. ஆறு சதவீதம்தான் கூடியிருக்கிறது, நீர் இரண்டு மடங்காகிவிட்டது. உமியும் இரண்டு மடங்கு, எண்பது கிலோ.

இரண்டு வரிகளையும் எழுதி எங்கள் முதலாளியிடம் கொண்டுபோனேன். அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு படித்தார்.

"எல்லாரும் இருபதுலதான் குடுக்கறாங்க. நாம மட்டும் எண்பது கிலோன்னு எழுதினா நம்ம மெஷின்தான் உமி தின்னுதுன்னு நினைப்பாங்க. ரெண்டு நம்பர் போட்டா குழம்பிடுவாங்கம்மா. ஒண்ணே போடு."

அவர் சொன்னார், நான் செய்தேன் என்று இங்கே நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் இரண்டாவது வரியை அழிக்கும்போது எனக்கு ஒரு நிம்மதியும் வந்தது, அதையும் சொல்ல வேண்டும். தாள் பார்க்க அழகாக இருந்தது. ஈரம் எவ்வளவு என்று அடைப்புக்குறிக்குள் எழுதியிருந்ததையும் எடுத்துவிட்டேன். அந்தத் தாளைப் பார்த்துத்தான் தகரப் பலகையில் பெயிண்டால் எழுதினார்கள்: ஒரு டன் நெல்லுக்கு நாற்பது கிலோ உமி. அந்தப் பலகை டிரையர் கொட்டகையின் சுவரில் ஏறியது. குழுவின் மொத்த நெல் நாற்பது டன் என்பதால், ஆயிரத்து அறுநூறு கிலோ உமி பிடிக்கும் அளவுக்கு உமிக் கொட்டகைக்கும் நானே வரைபடம் கொடுத்தேன்.

ஜூலையில் ஃபிட்டர் இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் திரும்பினார். வெயிலில் கிடந்த நெல்லைப் போட்டு ஓட்டிப் பார்த்ததில் எல்லாம் நன்றாக ஓடியது என்றார். பிறகு படிக்கட்டில் நின்றுகொண்டு கேட்டார்.

"மேடம், அந்த உமிக் கொட்டா ரொம்ப சின்னதா கீதே. மழை டைம்ல பத்துமா?"

"கணக்குப் போட்டுத்தான் குடுத்திருக்கேன்."

"நீங்க சொன்னா சரி. எனக்கு இன்னா தெரியும்."

அவர் இறங்கிப் போனார். நாளைக்கு அக்காவுக்கு போன் செய்து சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். மறுநாள் வேறொரு வேலை வந்தது. போகப் போக, இவ்வளவு நாள் சொல்லாததற்கும் சேர்த்துக் காரணம் சொல்ல வேண்டியிருக்குமே என்ற தயக்கமும் அதோடு சேர்ந்துகொண்டது.

அக்டோபரில் அக்காவே போன் செய்தார். நான் தியாகராய நகரில், தீபாவளித் துணி எடுக்கும் கூட்டத்தில் இருந்தேன். ஒரு கையில் பைகள், பின்னால் இடிக்கிறவர்கள், ஒலிபெருக்கியில் தள்ளுபடி அறிவிப்பு. ஒரு கடையின் ஷட்டர் ஓரம் ஒதுங்கி, மறு காதைப் பொத்திக்கொண்டேன்.

"மேடம், அடுத்த வாரம் அறுப்பு. மேகம் ஒரு மாதிரி இருக்கு. மழையில அறுத்தா நெல்லு சொதசொதன்னுதான் வரும். அந்த நாப்பது கிலோ பத்துமா? இங்க அரவை மில்லுல இன்னும் ஒரு லோடு உமி கெடக்கு. எடுத்துப் போடவா?"

மனிதர்கள் எவ்வளவு சரியாகக் கேட்கிறார்கள். அவர் எந்தக் கல்லூரியிலும் படிக்கவில்லை. நான் அழித்த அந்த இரண்டாவது வரியைத்தான் தன் வார்த்தையில் கேட்டார்.

எடுத்துப் போடுங்கள் என்று சொன்னால் போதும். ஆனால் எங்கே போடுவது என்று கேட்பார். கொட்டகை ஏன் சின்னதாகக் கட்டினீர்கள் என்று கேட்பார். பலகையில் ஏன் நாற்பது என்று கேட்பார். கூட்டம் இடித்தது. "தேவைப்படாது அக்கா, போர்டுல இருக்கற மாதிரியே பண்ணுங்க" என்றேன்.

"சரி மேடம். நீங்க சொன்னா போதும்."

அன்று எடுத்த துணிகள் என்ன நிறம் என்பது இப்போது நினைவில்லை. அந்த ஷட்டரின் கிரீஸ் என் தோளில் அப்பியிருந்தது நினைவிருக்கிறது.

அறுப்பு தொடங்கிய இரண்டாம் நாளே மழை பிடித்துக்கொண்டது. சென்னையிலும் பெய்தது. ராஜா அண்ணாமலைபுரத்தில் என் வீட்டு மாடியில் நின்று பார்த்தால் தெரு முழுக்கத் தண்ணீர். ஒவ்வொரு நாளும் காலையில் எழுந்ததும் டெல்டா மாவட்டங்களுக்கு என்ன எச்சரிக்கை என்று பார்த்தேன். போன் மட்டும் செய்யவில்லை.

டிரையர் இரவு பகலாக ஓடியது. ஆறாம் நாள் காலை அக்கா கூப்பிட்டார்.

"உமி தீந்துபோச்சு மேடம். பாதி நெல்லுதான் காஞ்சிருக்கு."

ஆயிரத்து அறுநூறை எண்பதால் வகுத்தால் இருபது. நாற்பது டன்னில் சரியாகப் பாதி. என் கணக்கு அவ்வளவு துல்லியமாக இருந்தது, நான் அழித்த கணக்கு.

ஃபிட்டரைக் கூட்டிக்கொண்டு பேருந்தில் கிளம்பினேன். போய்ச் சேர்ந்தபோது கொட்டகைக்குள் நெல் மலையாகக் குவிந்திருந்தது. உள்ளே கை விட்டேன், வெந்நீரில் விட்டதுபோல் இருந்தது. ஈர நெல் குவியலில் தானாகவே சூடேறும், பிறகு முளைவிடும். அரவை மில்லின் அந்த ஒரு லோடு உமியை யாரோ வாங்கிப் போய்விட்டார்கள். வேறு இடத்திலிருந்து கொண்டுவர, ஊருக்குள் லாரி நுழையும் சாலை வெள்ளத்தில் மூழ்கியிருந்தது. சீமைக்கருவேலம் வெட்டிப் போட்டார்கள். பச்சை விறகு, அதிலும் மழையில் நனைந்தது. அது கொடுக்கும் சூட்டில் பெரும்பங்கு தன்னிடமிருக்கும் தண்ணீரை ஆவியாக்குவதற்கே போனது. புகைதான் வந்தது. ஃபிட்டர் அடுப்பின் முன்னால் உட்கார்ந்து, விறகைச் சின்னச் சின்னதாகப் பிளந்து, அடுப்பின் மேல்தகட்டில் அடுக்கிக் காயவைத்து, பிறகு உள்ளே போட்டார். அப்படி மூன்று நாளில் எட்டு டன்னைக் காப்பாற்றினோம். பன்னிரண்டு டன் போனது. வெள்ளை முளையோடு பாய்போலப் பின்னிக் கிடந்த நெல்லை வாத்துத் தீனிக்கு அள்ளிப் போனார்கள்.

அந்தப் பன்னிரண்டு டன்னில் அக்காவின் நெல்லும் இருந்தது. தலைவி என்பதால் தன்னுடையதைக் கடைசியில் போட்டுக்கொள்கிறேன் என்று அவரே வைத்த வரிசை.

நான்காம் நாள் குழு கூடியது. டிரையர் பக்கத்திலேயே தார்ப்பாயின் கீழ் உட்கார்ந்தார்கள். ஒரு பெண் எழுந்து, அடுப்பைப் பார்த்துக்கொண்ட அக்காவிடம் திரும்பினார். அவருடைய நெல்லும் போயிருந்தது.

"போர்டுல என்ன எழுதியிருக்கு? நாப்பது கிலோ. நீ எவ்ளோ போட்ட? எண்பது. கூடை கூடையா அள்ளி அள்ளிக் கொட்டுன. நான் பாத்துக்கிட்டுதானே இருந்தேன்."

"காயலையேடி. நாப்பதுல நிறுத்துனா ஈரம் இருவதுலயே நிக்குது. அப்புறம் என்ன பண்ணச் சொல்ற?"

"படிச்சவங்க பொய்யா எழுதிருப்பாங்களா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அக்காவும் பார்த்தார். அவர் பார்வையில் குற்றம்சாட்டல் இல்லை, எனக்காக ஏதாவது சொல்லுங்கள் என்ற எதிர்பார்ப்பு மட்டும்தான். நான் வாயைத் திறந்தேன். "இந்த வருஷம் மழை ரொம்ப அதிகம்" என்றேன். அது பொய்யில்லை. அதனால்தான் அது அவ்வளவு கேவலமான பதில்.

அக்கா எழுந்து நின்றார். "எனக்குத்தான் அடுப்பப் பாக்கத் தெரியலையோ என்னவோ" என்றார். பிறகு இரண்டு கையையும் சேர்த்து அவர்களிடம் மன்னிப்புக் கேட்டார்.

திரும்பி வரும் பேருந்தில் ஃபிட்டர் என் பக்கத்தில் உட்காரவில்லை. பின்னால் இடம் காலியாக இருக்கிறது என்று போய்விட்டார்.

அலுவலகத்தில் முதலாளியிடம் சொன்னேன். "மழைக்கு நாம என்னம்மா பண்ண முடியும்?" என்றார். அவருக்கு அத்தோடு முடிந்தது. எனக்கு முடியவில்லை. கபாலீஸ்வரர் கோயில் தெப்பக்குளத்துப் படியில் போய் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்திருந்தேன். மழையில் குளம் நிரம்பியிருந்தது. அவ்வளவு தண்ணீரைப் பார்க்கப் பிடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

நவம்பர் கடைசியில் வேறொரு வேலையாகச் சிந்தாதிரிப்பேட்டைப் பட்டறைக்குப் போக வேண்டியிருந்தது. ஃபிட்டர் பற்றவைத்துக்கொண்டிருந்தார். நான் நிற்பது தெரிந்தும் அந்த இணைப்பை முடித்துவிட்டுத்தான் முகக்கவசத்தை எடுத்தார்.

"அந்த ஊர்லேர்ந்து போன் வந்துச்சு மேடம். அந்தக்கா உமிய வெளில வித்துட்டாங்கன்னு பேசிக்கினு கீறாங்களாம். தலைவி போஸ்ட்லேர்ந்து எடுத்துட்டாங்க."

அவர் முகக்கவசத்தைப் பக்கத்தில் வைத்தார்.

"நான் படிக்கல. எனக்கே அந்தக் கொட்டா சின்னதுன்னு தெரிஞ்சுது. உங்களுக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சுது."

அவர் கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்தார். "அப்ப ஏன் மேடம் என்கிட்ட கணக்குப் போட்டேன்னு சொன்னீங்க?"

"போட்டேன். அதுல பாதியைத்தான் குடுத்தேன்."

அவர் திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். "போய் சொல்லிட்டு வந்துருங்க. நானும் வரேன்" என்று மட்டும் சொன்னார்.

டிசம்பரில் மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். குழுவில் பெரும்பாலோர் வந்திருந்தார்கள். அக்கா கடைசியில், தூண் பக்கம் நின்றார். டிரையரை ஓட்டும்போது அவர் ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதிவந்தார் என்று எனக்குத் தெரியும். அதைக் கேட்டு வாங்கினேன். ஒவ்வொரு லோடுக்கும் ஈரம் பார்க்கும் கருவி என்ன காட்டியது, எத்தனை கூடை உமி, எத்தனை மணி நேரம் என்று கோணல்மாணலான எண்களில் இருந்தது. இருபத்தாறு, இருபத்தஞ்சு, இருபத்தாறு, இருபத்தேழு. உமியைக் கூட்டிப் பார்த்தால் டன்னுக்கு எண்பதை ஒட்டியே வந்தது. என் கம்ப்யூட்டரில் போட்டதும் அதுதான். ஒரு கூடை உமிகூட அவர் வீணாக்கவில்லை.

வாயால் சொன்னால் புரியாதோ என்று, பக்கத்து வீடுகளிலிருந்து குடங்கள் வாங்கி அடிபம்பில் நிரப்பச் சொன்னேன். ஃபிட்டரும் இரண்டு பெண்களும் நிரப்பிக் கொண்டுவந்து வைத்தார்கள். பதினைந்து லிட்டர் பிடிக்கும் குடங்கள், ஒன்பது.

"நல்ல வெயில்ல அறுத்த நெல்லு ஒரு டன்னுல இதுல பாதிதான். நாலரைக் குடம் தண்ணிய வெளிய எடுக்கணும். அதுக்கு நாப்பது கிலோ உமி. மழையில அறுத்த நெல்லு ஒரு டன்னுல இந்த ஒன்பது குடத்தையும் எடுக்கணும், இன்னும் கொஞ்சம் மேலயே. இவ்வளவு தண்ணிய அடுப்புல வெச்சு சுத்தமா வத்த வெக்கணும்னா எவ்வளவு விறகு ஆகும்னு உங்களுக்கே தெரியும். எண்பது கிலோ உமி ஆகும்."

முன்பு எழுந்து பேசிய பெண் குடங்களைப் பார்த்தார். "ஒரு டன்னுலயா? இவ்ளோவா?"

"ஆமாம். இது எனக்கு முன்னாடியே தெரியும். போர்டு எழுதறதுக்கு முன்னாடியே கணக்குப் போட்டுப் பார்த்தேன். எழுதாம விட்டுட்டேன். அக்கா பண்ணது எல்லாமே சரி. தப்பு என்னோடது."

பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். சிலர் என்னைத் திட்டினார்கள், ஒரு வயதான பெண் எங்கள் கம்பெனியையே சபித்தார். நான் நின்று கேட்டேன். அந்தச் சத்தத்துக்கு நடுவில் அக்கா தூணை விட்டு முன்னால் வந்தார். சத்தம் அடங்கியது.

"அன்னைக்கு நான் போன் பண்ணி, பத்துமான்னு கேட்டேன்ல. அப்பவும் தெரியுமா?"

"தெரியும் அக்கா."

"அந்த லோடு அப்ப மில்லுல கெடந்துச்சு."

"ஆமாம்."

அவர் அழவோ கத்தவோ இல்லை. என் கையிலிருந்த நோட்டை வாங்கிக்கொண்டார். "என்னையத் திருடின்னாங்க" என்றார், எனக்குச் சொன்னதுபோலவும் இல்லை, அவர்களுக்குச் சொன்னதுபோலவும் இல்லை. குனிந்து ஒரு குடத்தை இடுப்பில் எடுத்துக்கொண்டு வெளியே போனார். நான் மன்னிப்புக் கேட்க வைத்திருந்த வார்த்தைகள் அப்படியே இருந்தன.

மேற்கொண்டு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முதலாளிக்குக் கோபம் வந்தது, ஆனால் உமிக் கொட்டகையை இரண்டு மடங்காக்கிக் கொடுக்கச் சம்மதித்தார். ஃபிட்டர் கூலி வாங்காமல் போய்க் கட்டிவிட்டு வந்தார். பழைய பலகையைக் கழற்றிவிட்டு, ஈரம் பதினெட்டிலிருந்து இருபத்தெட்டு வரை இரண்டிரண்டு சதவீதமாக ஏற ஏற எத்தனை கிலோ என்று புதுப் பலகை எழுதினோம். ஆறு வரி. யாரும் குழம்பவில்லை. ஒரு வருடம் கழித்து நான் அந்த வேலையை விட்டு அடையாறில் வேறொரு அலுவலகத்துக்கு மாறினேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன்.

அக்காவைத் திரும்பத் தலைவியாக இருக்கச் சொல்லிக் குழு கேட்டதாம். மாட்டேன் என்றுவிட்டார். டிரையரை இப்போது வேறொரு பெண் பார்த்துக்கொள்கிறார். சந்தேகம் வந்தால் அவர்தான் எனக்கு போன் செய்கிறார். ஈரத்தைச் சொல்லி, உமியைக் கேட்டு, நான் சொன்னதை ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொள்கிறார். நான் இரண்டு தடவை அக்காவின் எண்ணுக்கு அழைத்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. மூன்றாவது தடவை அழைக்க எனக்கு உரிமையில்லை என்று தோன்றியது.

போன குறுவைக்கு ஃபிட்டர் விசிறியின் பெல்ட் மாற்ற அங்கே போயிருந்தார். அக்கா தன் நெல்லை வண்டியில் கொண்டுவந்து இறக்கினாராம். ஈரம் பார்க்கும் கருவியைத் தானே நெல்லில் குத்திப் பார்த்து, பலகையைப் பார்த்து, உமிக் கொட்டகைக்குள் போய் எவ்வளவு இருக்கிறது என்றும் பார்த்துவிட்டு வந்தாராம். ஃபிட்டருக்கு டீ வாங்கிக் கொடுத்தாராம், பிள்ளைகளை விசாரித்தாராம்.

"என்னைப் பத்தி ஏதாவது கேட்டாங்களா?" என்றேன்.

"இல்ல மேடம்" என்றார். அவருக்குப் பொய் சொல்ல வராது.